துண்டுச் சீட்டிலிருந்து வீட்டுவாரிப் பதிவேடு

தங்கச்சிமடம் பக்கம் ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு எழுத்து வேலையில் உதவுகிறேன். தன்னார்வலர் அக்காமார் வீடு வீடாகப் போய்க் கிறுக்கிக் கொண்டுவந்த சீட்டும் நோட்டுமாக இரண்டு மாதத்துக் கட்டு ஒன்று கிடக்கிறது. இதை வீட்டுவாரிப் பதிவேடாக்கி, கர்ப்பிணி, கைக்குழந்தை, மறுபடி பார்க்கவேண்டிய பெரியவர்கள் யார் யார் என்று தெரியும்படி செய்யவேண்டும். எங்கிருந்து தொடங்குவது? பாதிச் சீட்டில் பெயர்கூட ஒழுங்காக இல்லை.

பெயர் ஒழுங்காக இல்லாததைப் பற்றி இப்போது கவலை வேண்டாம். பதிவேட்டையும் இன்றைக்குத் திறக்கவேண்டாம். முதலில் கட்டு முழுவதையும் ஒரே மூச்சில் வாசித்து, காத்திருக்க முடியாத சீட்டுகளை மட்டும் உருவி எடுங்கள்.

கர்ப்பிணியென்றால் இரத்தம் படுதல், தண்ணீர் போதல், விடாத தலைவலி, கண் மங்கல், முகம் வீங்குதல், குழந்தை அசைவு குறைதல், பிபி 140/90 அல்லது அதற்கு மேல், ஹெச்பி 7-க்குக் கீழ். கைக்குழந்தையென்றால் பால் குடிக்கவில்லை, உடம்பு ஜில்லென்று இருக்கிறது, காய்ச்சல், மூச்சு வாங்குகிறது. பெரியவர்கள் என்றால் சர்க்கரை உள்ளவரின் காலில் புண், விழுந்துவிட்டார், மூச்சுத் திணறல், மாத்திரை தீர்ந்துவிட்டது. இப்படி ஒரு சொல் இருந்தாலே அந்தச் சீட்டு தனியே போகவேண்டும். சீட்டு ஆறு வாரம் பழையது என்பதற்காக ஒதுக்காதீர்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டைப் பற்றி வேறு சீட்டு இல்லையென்றால் அந்தப் புண் இன்னும் ஆறவில்லை என்றே எடுத்துக்கொள்ளவேண்டும். உருவியதை நர்சம்மாவிடம் அன்றைக்கே கொடுத்துவிட்டு மிச்சத்துக்கு வாருங்கள்.

அடுத்தது எண் போடுவது. ஒவ்வொரு அக்காவுக்கும் ஓர் எழுத்து, ஒவ்வொரு சீட்டுக்கும் ஓர் எண்: ம-1, ம-2, ஜெ-1 என்று சிவப்புப் பேனாவில் மூலையில் எழுதுங்கள். பதிவேட்டில் நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரியும் எந்தச் சீட்டிலிருந்து வந்தது என்று இந்த எண்தான் பின்னால் காட்டிக்கொடுக்கும். சீட்டின் மேலேயே எதையும் திருத்தாதீர்கள். தேதி இல்லாத சீட்டில் தேதியைக் கற்பனை செய்து எழுதவும் கூடாது. முன் சீட்டுக்கும் பின் சீட்டுக்கும் இடைப்பட்ட காலம் என்று மட்டும் குறித்தால் போதும். எண் போட்டு முடித்ததும் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துவிட்டு, பழைய கணக்குப்பிள்ளை முறையில் கம்பியில் குத்தி வையுங்கள். கடற்கரை ஈரக் காற்றில் ஜெல் பேனா எழுத்து பரவிவிடக்கூடும். பந்துமுனைப் பேனா எழுத்து நிற்கும்.

இனி எழுத்தைப் படிப்பது. இங்கேதான் பெரும்பாலான பிழைகள் பிறக்கின்றன, ஏனென்றால் ஒவ்வொருவரும் தனக்கென்று ஒரு சுருக்கெழுத்து வைத்திருப்பார்கள். ஒருவர் "3 மா" என்றால் மூன்று மாசம், இன்னொருவர் "30 மா" என்றால் முப்பது மாத்திரை. "நார்மல்" என்பது பிபியா, சர்க்கரையா, சுகப்பிரசவமா? "2.1" என்பது பிறந்த எடையா, இன்று நிறுத்த எடையா? ஒவ்வோர் அக்காவையும் பத்து நிமிடம் பக்கத்தில் உட்காரவைத்து அவருடைய சீட்டில் பத்தை வாசிக்கச் சொல்லுங்கள். அவர் வாசிக்க வாசிக்க நீங்கள் ஒரு தாளில் "இவர் எழுத்தில் இது இது" என்று பட்டியல் போடுங்கள். ஊகித்து எழுதுவதைவிட இது வேகமானது. அவருக்கும் நினைவில்லாததைக் கேள்விக்குறியோடு விடுங்கள். வெற்றிடம் யாரையாவது போய்க் கேட்கவைக்கும், தவறான எண்ணோ யாரையும் எங்கும் அனுப்பாது.

பதிவேட்டின் அடிப்படை வீடுதான், ஆள் அல்ல. காரணம் எளிது. ஒரே தெருவில் மூன்று அந்தோணியம்மாளும் நான்கு செல்வியும் இருப்பார்கள். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் போனால் பீவி, அம்மாள் என்று முடியும் பெயர்களில் அதே குழப்பம். வீடோ இடம் மாறாது. கதவு எண் இல்லாத வீட்டுக்கு அக்காமார் சொல்லும் அடையாளத்தையே எழுதிக்கொள்ளுங்கள்: "கெபி பின்பக்கம் இரண்டாவது", "ஐஸ் கம்பெனி எதிர் ஓட்டுவீடு". ஆனால் தெருவை ஒருமுறை நடந்து, இடக்கைப் பக்கமாகவே வரிசையாக எண் கொடுத்து ஒரு படம் வரைந்துவிடுவது உத்தமம். நீளமான 200 பக்க நோட்டில் ஒரு வீட்டுக்கு எதிரெதிர் இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். இடப்பக்கத்தில் வீட்டு ஆட்கள், ஒருவருக்கு ஒரு வரி. வலப்பக்கத்தில் வருகைகள், தேதிவாரியாக. வலப்பக்கத்தின் கடைசிப் பத்தி "அடுத்து பார்க்கவேண்டிய நாள்". இந்த ஒரு பத்தி காலியாக இருந்தால் மற்ற எல்லாப் பத்தியும் நிறைந்திருந்தும் பயனில்லை.

ஒரு வீட்டை முழுக்கப் போட்டுப் பார்ப்போம். 2025-இல் எழுதியவை என்று வைத்துக்கொள்ளுங்கள், நான்கு சீட்டுகள்.

ம-4: "10.6 கெபி பின்பக்கம். செல்வி 3 மா. ஹெச்பி 9.2. இரும்பு 30. மாமியா சுகர், கால்ல புண்ணு."
ம-19: "8.7 கெபி. தமிழ்ச்செல்வி 5 மா நடக்குது. பிபி 138/88. நாத்தனா புள்ள 18 நாள் 2.1."
ம-27: "22.7 கெபி வீடு. செல்வி. கடைசியா தீட்டு கச்சத்தீவு திருநாளுக்கு 2 நாள் முன்ன."
ம-33: "5.8 கெபி வீடு பூட்டு."

முதல் கேள்வி, செல்வியும் தமிழ்ச்செல்வியும் ஒருத்தியா, ஓரகத்திகளா? ஜூன் 10-இல் மூன்று மாசம், 28 நாள் கழித்து ஐந்து மாசம் என்றால் கணக்கு உதைக்கிறது, ஆகவே இரண்டு பேர் என்று தோன்றும். அவசரப்படாதீர்கள். நம் ஊரில் "மூணு மாசம்" என்றால் மூன்று முடிந்தது என்றும் இருக்கலாம், மூன்றாவது நடக்கிறது என்றும் இருக்கலாம். இதனால் மட்டும் ஒரு மாதம் தள்ளிப்போகும். மூன்றாவது சீட்டு இதைத் தீர்த்துவைக்கிறது. அந்த ஆண்டு கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா மார்ச் 14, 15. அதற்கு இரண்டு நாள் முன் என்றால் மார்ச் 12. அதிலிருந்து ஜூன் 10 வரை 90 நாள், அதாவது நாலு வாரத்தை ஒரு மாசமாக எண்ணினால் மூன்று முடிந்து ஆறு நாள். ஜூலை 8 வரை 118 நாள், நான்கு முடிந்து ஐந்தாவது நடக்கிறது. இரண்டு சீட்டும் சரி, முதலாவது முடிந்ததை எழுதியிருக்கிறது, இரண்டாவது நடப்பதை. ஒருத்தியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனாலும் நாள் பொருந்தியது என்பதற்காக மட்டும் இரண்டு வரியை ஒன்றாக்காதீர்கள். கணவர் பெயர், இது எத்தனையாவது பிள்ளை, கைப்பேசியின் கடைசி நான்கு எண், இந்த மூன்றில் குறைந்தது இரண்டு ஒத்துப்போகவேண்டும். தாய் சேய் நல அட்டையில் அரசின் கர்ப்பிணிப் பதிவுக்கான 12 இலக்க பிக்மி எண் இருந்தால் அதற்குமேல் பேச்சில்லை.

பிரசவ நாளைக் கணக்கிடுவது உங்களுக்குத் தெரிந்ததுதான்: கடைசி மாதவிலக்கின் முதல் நாளோடு ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டவேண்டும். மார்ச் 12-க்கு டிசம்பர் 19 வரும். இதில் ஒரு நுணுக்கம். "தலைக்குக் குளிச்ச நாள்" என்று சீட்டில் இருந்தால் அது தீட்டு முடிந்து குளித்த நாளாக இருக்கலாம், முதல் நாள் அல்ல. மூன்று நாலு நாள் வித்தியாசம் வரும். நீங்களே மூன்றைக் கழித்து எழுதாமல் "குளித்த நாள், கேட்கவும்" என்று குறியுங்கள். ஆரம்ப மாதங்களில் எடுத்த ஸ்கேனை வைத்து மருத்துவர் அட்டையில் வேறு நாள் போட்டிருந்தால் அட்டையில் இருப்பதுதான் நிற்கும், உங்கள் கணக்கு பக்கத்தில் பென்சிலில் இருக்கட்டும்.

நாளைத் திருவிழாவை வைத்துச் சொல்வதைக் குறையாக எண்ணவேண்டாம். "மார்ச் நடுவில" என்பதைவிட அது துல்லியமானது. பதிவேட்டின் உள் அட்டையில் அந்தந்த ஆண்டுக்கான ஒரு தாளை ஒட்டிவையுங்கள். மாறாதவை அல்லது ஒரு நாள் மட்டும் முன்பின் ஆகிறவை: மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, ஆடி 18, பொங்கல். ஆண்டுக்கு ஆண்டு மாறுபவை: நோன்புப் பெருநாள், ஈஸ்டர், கச்சத்தீவுத் திருநாள், ஏர்வாடி சந்தனக்கூடு, அந்தந்த ஊர்ச் சப்பரம். "தடை விட்டுப் படகு போன அன்னைக்கு" என்று ஒரு பெண் சொன்னால் நாள் கையில் வந்துவிட்டது என்று அர்த்தம்.

இப்போது அதே வீட்டின் வலப்பக்கம். ஹெச்பி 9.2 என்பது 7-க்கும் 10-க்கும் இடைப்பட்ட நடுத்தர இரத்தசோகை. மாதம் ஒருமுறை மறுபடி பார்க்கவேண்டிய எண் அது. அப்படியென்றால் அடுத்து பார்க்கவேண்டிய நாள் ஜூலை 8. அன்று போயும் இருக்கிறார்கள், ஆனால் ம-19-இல் பிபி இருக்கிறது, ஹெச்பி இல்லை. வருகை நடந்தது என்பதற்காக இந்த வரியை முடிந்ததாகக் கணக்கு வைத்தால் செல்வி அங்கேயே தொலைந்துபோவாள். "இரும்பு 30" என்பதையும் கொஞ்சம் உடைத்துப் பாருங்கள். இந்த அளவு சோகைக்கு வழக்கமாக நாளுக்கு இரண்டு மாத்திரை சொல்வார்கள். அப்படிச் சொல்லியிருந்தால் முப்பது மாத்திரை பதினைந்து நாளைக்குத்தான் வரும், ஜூன் 25-இல் தீர்ந்திருக்கும். ஆகவே கொடுத்த எண்ணிக்கையோடு நாளுக்கு எத்தனை என்பதும் தீரும் நாளும் எழுதப்படவேண்டும். பிபி 138/88-ஐ 138/88 என்றே எழுதுங்கள். 140/90-க்குக் கீழேதானே என்று "நார்மல்" போட்டுவிட்டால், அடுத்த மாதம் 142/92 வரும்போது அது ஏறிக்கொண்டே வந்திருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. எண்ணை எழுதுவது உங்கள் வேலை, அதற்குப் பெயர் வைப்பது நர்சம்மா, மருத்துவர் வேலை.

குழந்தைக்கு வருவோம். ஜூலை 8-இல் 18 நாள் என்றால் பிறந்தது ஜூன் 20, ஒரு நாள் முன்பின் இருக்கலாம். மருத்துவமனையில் பிறந்த குழந்தைக்கு வீட்டு வருகை 3, 7, 14, 21, 28, 42-ஆவது நாட்களில். ஆக ஜூலை 11 வாக்கில் ஒன்று, 18 வாக்கில் ஒன்று, ஆகஸ்ட் 1 வாக்கில் ஒன்று இருந்திருக்கவேண்டும். ம-27 ஜூலை 22-இல் எழுதப்பட்டது, அதில் குழந்தையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. 2.1 என்பது பிறந்த எடையோ அன்றைய எடையோ, எதுவானாலும் சின்னக் குழந்தை. பிறந்த எடை 2.5 கிலோவுக்குக் குறைந்தாலே தனிக்கவனம் வேண்டும். ஆறு வாரத் தடுப்பூசி ஆகஸ்ட் 1-இல் தவணை ஆகிறது, அதற்குப் பிறகு வரும் தடுப்பூசிப் புதன் ஆகஸ்ட் 6.

இந்தக் குழந்தை எந்த வீட்டுக்குரியது என்பதுதான் கடற்கரையில் மிகவும் வழுக்கும் இடம். நாத்தனார் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவள், புகுந்த வீடு தொண்டியிலோ மோர்ப்பண்ணையிலோ இருக்கும். அங்கே அவள் பெயர் கர்ப்பிணியாக நிற்கும், இங்கே குழந்தை "விருந்தாளி" என்று விட்டுப்போகும், கடைசியில் இரண்டு இடத்திலும் யாரும் பார்க்கமாட்டார்கள். ஆகவே இடப்பக்கத்தில் "வந்தவர் / போனவர்" என்று ஒரு பத்தி வையுங்கள். வந்தவரை முழு ஆளாக இங்கே பதிந்து, எந்த ஊர், எப்போது திரும்புவார் என்று எழுதி, அந்த ஊர் நர்சம்மாவுக்குத் தகவல் சொன்ன நாளையும் குறியுங்கள். போனவர் வரியை அடிக்கக் கூடாது. கர்ப்பிணி வரி தானாக முடியாது. குழந்தை பிறந்த நாள், இடம், எடை, தாயின் நிலை இவை எழுதப்பட்ட பின்தான் அதை மூடவேண்டும். மூடும் அதே நேரத்தில் குழந்தைக்கு ஒரு புது வரி திறக்கவேண்டும். பிரசவ நாள் தாண்டியும் திறந்தே கிடக்கும் கர்ப்பிணி வரி ஒவ்வொன்றும் ஒரு கேள்வி.

மாமியாரின் கால் புண் ஜூன் 10-இல் ஒருமுறை எழுதப்பட்டது, பிறகு இல்லை. "இல்லை" என்றால் ஆறியது என்று பொருள் அல்ல, யாரும் பார்க்கவில்லை என்று பொருள். சர்க்கரை உள்ளவருக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கும், வலிக்கவில்லை என்பார். பாசி எடுக்கவோ சிப்பி பொறுக்கவோ பாறையிலும் தண்ணீரிலும் நடக்கும் கால் என்றால் புண் ஆறுவதற்குள் மறுபடி கிழியும். மாத மாத்திரை கொடுக்கும் வருகைக்காக இது காத்திருக்கக் கூடாது. எந்தக் கால், எந்த இடம், எவ்வளவு பெரிது, நாற்றமோ கறுப்போ உண்டா என்று எழுதி, அடுத்து பார்க்கும் நாளை அதே வாரத்துக்குள் போடவேண்டும்.

பெரியவர்களின் வயதை "60 இருக்கும்" என்று எழுதிவிடாமல் இன்னொரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: தனுஷ்கோடி புயல் வந்தபோது என்ன வயது? 1964 டிசம்பர். "கைக்குழந்தை" என்றால் இப்போது அறுபதைத் தாண்டியவர், "பள்ளிக்கூடம் போனேன்" என்றால் எழுபது வாக்கில். இந்தத் தீவில் யாருக்கும் அந்த நாள் மறக்காது, பிறகு பிறந்தவர்களும் "புயலுக்கு அப்புறம் எத்தனாவது வருஷம்" என்று சொல்லிவிடுவார்கள்.

நான்காவது சீட்டு, "வீடு பூட்டு". பலர் இதைப் பதிவேட்டில் ஏற்றுவதே இல்லை, பார்த்ததாக எதுவும் இல்லையே என்று. மேலே உள்ளவற்றைச் சேர்த்துப் பாருங்கள். ஆகஸ்ட் 5 அன்று அந்த வீட்டில் எட்டு வாரமாக ஹெச்பி பார்க்காத கர்ப்பிணி, எட்டு வாரமாகப் பார்க்காத கால் புண், மறுநாள் ஊசி போடவேண்டிய குழந்தை. அந்தப் பூட்டுச் சீட்டுதான் கட்டிலேயே அவசரமான சீட்டு. பூட்டியிருந்த நேரத்தையும் எழுதச் சொல்லுங்கள். காலை பத்து மணி என்றால் பாசிக்குப் போயிருப்பார்கள், மாலை நாலு மணிக்குப் போனால் கிடைப்பார்கள். இரண்டு வேளையும் பூட்டு என்றால் பக்கத்து வீட்டில் விசாரித்து எந்த ஊர் என்று எழுதவேண்டும்.

வீட்டுப் பக்கங்கள் நிறைந்த பின் ஒரு தனி நோட்டில் நாள்வாரிப் பட்டியல் போடுங்கள். ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு பக்கம், அதில் வீட்டு எண், பெயர், எதற்காகப் போகவேண்டும் என்று ஒரு வரி. "செல்வி, ஹெச்பி" என்று காரணத்தோடு எழுதுங்கள். வெறும் "செல்வி" என்றால் போய் நலம் விசாரித்துவிட்டு வந்துவிடுவார்கள். தன்னார்வலர் கையில் போகவேண்டியது இந்தப் பட்டியல்தான், பதிவேடு நிலையத்தை விட்டு வெளியே போகக் கூடாது. கருக்கலைப்பு, 18 வயது நிரம்பாத கர்ப்பிணி, வீட்டு அடிதடி போன்ற சங்கதிகளை இரண்டிலும் எழுதாமல் நர்சம்மாவிடம் நேரில் சொல்லுங்கள். ஊர் சின்னது, நோட்டு திறந்து கிடக்கும்.

கணினியில் ஏற்றுவதாக இருந்தால் எக்செல் செய்யும் ஒரு குறும்பைத் தெரிந்துகொள்ளுங்கள். கதவு எண் 2/14 என்று அடித்தால் அது தேதி ஆகிவிடும், சில கணினிகளில் பிப்ரவரி 14 என்று. பிபியைச் சுருக்கமாக 12/8 என்று எழுதும் பழக்கம் இருந்தால் அதுவும் தேதி ஆகும். 8/7 என்பதைச் சில கணினிகள் ஆகஸ்ட் 7 என்று எடுக்கும், சீட்டில் இருப்பதோ ஜூலை 8. அடிக்கத் தொடங்கும் முன்பே கதவு எண், பிபி பத்திகளை Text ஆக மாற்றிவிடுங்கள், அடித்த பின் மாற்றினால் பழைய எண் திரும்பாது. தேதியை 08-Jul-2025 என்று மாதப் பெயரோடு அடியுங்கள். கடைசி மாதவிலக்கு நாள் C2-வில் இருந்தால் பிரசவ நாளுக்கு:

```
=EDATE(C2,9)+7
```

இந்தப் பத்தியை Date ஆக மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் நாளுக்குப் பதில் வெறும் எண் தெரியும். C2 காலியாக இருந்தால் இது 1900-ஆம் ஆண்டு நாள் ஒன்றைக் காட்டும். அதைக் கண்டால் அந்தப் பெண்ணிடம் நாள் கேட்கவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

கடைசியில் எண்ணிப் பாருங்கள். உங்கள் கர்ப்பிணி வரிகளை நர்சம்மாவின் பிக்மி பட்டியலோடும், அங்கன்வாடியில் சத்துமாவு வாங்குவோர் பட்டியலோடும் பெயர் பெயராக ஒப்பிடவேண்டும். மொத்த எண்ணிக்கை மட்டும் ஒத்துப்போவது போதாது, ஒருவர் விட்டுப்போய் இன்னொருவர் இரட்டித்திருந்தாலும் மொத்தம் ஒத்துப்போகும். அங்கன்வாடிப் பட்டியலில் இருந்தும் உங்களிடம் இல்லாதவர் பெரும்பாலும் தாய்வீடு வந்தவராக இருப்பார். உங்களிடம் இருந்தும் பிக்மியில் இல்லாதவர் இன்னும் பதியப்படாதவர், அந்தப் பெயரை அன்றைக்கே நர்சம்மாவிடம் சேருங்கள். பெரியவர்களை மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை பெறுவோர் பட்டியலோடு ஒப்பிடுங்கள். சீட்டில் "சுகர்" என்று இருந்தும் அந்தப் பட்டியலில் பெயர் இல்லாதவர், தனியாரிடம் மாத்திரை வாங்குகிறாரா, நிறுத்திவிட்டாரா என்பதை அடுத்த வாரப் பக்கத்தில் ஒரு வரியாகப் போட்டுவிடுங்கள்.